ஓர் அறைக்கு எத்தனை பைப், எவ்வளவு வயர், எந்த அளவுப் பெட்டி?

வேலூருக்கு மேற்கே அணைக்கட்டுப் பக்கம் என் தங்கை வீடு கட்டியபோது, படுக்கையறையில் மின் வயர் ஓட எத்தனை பைப் வாங்க வேண்டும் என்று கணக்குப் போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வரைபடத்தில் அளவுகோலை வைத்து ஒவ்வொரு கோடாக அளந்தேன். கூட்டினால் நாற்பத்திரண்டரை அடி வந்தது. கடையில் கிடைக்கும் பிவிசி பைப் ஒன்று மூன்று மீட்டர், அதாவது பத்து அடிக்குச் சற்றுக் குறைவு. ஐந்து பைப் போதும் என்று எழுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கூரைத் தளத்துக்குள் போகிற பைப்பை எழுதிவிட்டீர்கள் தம்பி. அது சுவரில் இறங்க வேண்டாமா?"

அந்த அறைக்குக் கடைசியில் ஆனது பத்து பைப். என் கணக்கில் பாதியைக் காணோம் என்பதைவிட, அது எங்கே போயிற்று என்பதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். அது தெரிந்துவிட்டால் வயர் கணக்கும் பெட்டிக் கணக்கும் அதே வழியில் வந்துவிடும். ஆகவே அந்த ஓர் அறையையே எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், மின் வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு செய்தி. ஸ்விட்சிலிருந்து விளக்குக்கு வளைவாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர் அதைப் பைப் போகும் வழி என்று நினைத்துக்கொள்வார். அது வழி அல்ல. எந்த ஸ்விட்ச் எந்த விளக்கை எரிய வைக்கிறது என்ற உறவை மட்டுமே அந்தக் கோடு சொல்கிறது. பைப் எந்த வழியாகப் போகும் என்பதை நாம்தான் முடிவு செய்து, வேறு நிறப் பேனாவால் அதே தாளில் வரைய வேண்டும். அளக்க வேண்டியது அந்த இரண்டாவது கோட்டைத்தான்.

அறை இதுதான். கிழமேற்காக 12 அடி, தென்வடலாக 10 அடி. தரையிலிருந்து தளத்தின் அடிப்பாகம் வரை உயரம் 10 அடி. தெற்குச் சுவரின் மேற்கு ஓரத்தில் கதவு. கதவைத் தாண்டியவுடன், மேற்குச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி, தரையிலிருந்து 4 அடி உயரத்தில் முக்கிய ஸ்விட்ச் பெட்டி. அறையின் நட்டநடுவில் மின்விசிறி. கிழக்குச் சுவரின் நடுவே, ஜன்னலுக்கு மேல், 8 அடி உயரத்தில் டியூப்லைட். வடக்குச் சுவரை ஒட்டித் தலைமாடு. கட்டிலின் ஓரத்தில், மேற்குச் சுவரிலிருந்து 9 அடி தள்ளி, இரண்டரை அடி உயரத்தில் ஒரு சிறிய பெட்டி. அதற்கு நேர் மேலே 7 அடியில் ஓர் இரவு விளக்கு. மேற்குச் சுவரில் ஏழரை அடியில் ஏசி. மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும், எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டி வெளியே கூடத்தில், 6 அடி உயரத்தில்.

இந்த அறைக்கு ஐந்து பைப் வழிகள் உண்டு. மூன்று வழிகள் மின்விசிறிக்காகத் தளத்தில் பதிக்கும் ஃபேன் பாக்ஸில் வந்து கூடுகின்றன. அதைச் சிலந்தியின் உடல் என்றும், பைப்புகளைக் கால்கள் என்றும் நினைத்துக்கொள்ளலாம்.

முக்கியப் பெட்டியிலிருந்து ஃபேன் பாக்ஸ் வரையிலான வழியை மட்டும் பொறுமையாக அளந்து பார்ப்போம். தளத்துக்குள் பைப்பைச் சாய்வாகவே இழுப்பார்கள். மூலை திரும்ப வேண்டியதில்லை. தெற்குச் சுவரிலிருந்து நடுவுக்கு 5 அடி, பக்கவாட்டில் 2 அடி. சாய்வாக அளந்தால் ஐந்தரை அடி. தாளில் தெரிவது இவ்வளவுதான். ஆனால் பெட்டி 4 அடி உயரத்தில் இருக்கிறது, தளமோ 10 அடியில். ஆகவே சுவரில் 6 அடி இறக்கம். தளத்தின் தடிமனுக்குள் பைப் வளைந்து இறங்க இன்னும் அரை அடி. மொத்தம் 12 அடி. தாள் காட்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

மற்றவற்றையும் இதே போல் அளந்தேன். ஃபேன் பாக்ஸிலிருந்து டியூப்லைட்டுக்குத் தளத்தில் 6 அடி, இறக்கம் இரண்டரை அடி, ஆக எட்டரை அடி. கட்டிலோரப் பெட்டிக்குத் தளத்தில் 6 அடி, இறக்கம் 8 அடி, ஆக 14 அடி. டிபி பெட்டியிலிருந்து அறையின் முக்கியப் பெட்டிக்கு, டிபியிலிருந்து மேலே ஏற நாலரை அடி, தளத்தில் 11 அடி, இறங்க ஆறரை அடி, ஆக 22 அடி. ஏசிக்கு டிபியிலிருந்து தனி வழி. ஏற்றம் நாலரை, தளத்தில் 14, இறக்கம் 3, ஆக இருபத்தொன்றரை அடி. எல்லாம் சேர்ந்து 78 அடி.

தளத்தில் கிடப்பது நாற்பத்திரண்டரை. ஏறி இறங்குவது முப்பத்தைந்தரை. நான் விட்டது இந்த முப்பத்தைந்தரையைத்தான். மேலிருந்து பார்த்து வரைந்த படத்தில் சுவரின் உயரம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் விளக்குக்கும் பக்கத்தில் அதன் உயரத்தைத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. உயரம் எழுதாத படத்தைக் கொண்டு யாரும் பைப் கணக்குப் போட முடியாது.

வெட்டுத்துண்டுச் சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 86 அடி, ஒன்பது பைப். எனக்கு ஏன் பத்து ஆனது என்றால், எல்லாம் ஒரே விட்டமுள்ள பைப் அல்ல. எது 20 மி.மீ., எது 25 மி.மீ. என்று பிரித்த பிறகு தனித்தனியாக முழு எண்ணாக்க வேண்டும். அதைப் பிரிப்பது உள்ளே எத்தனை வயர் போகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே வயருக்கு வருவோம்.

வயரைக் கணக்கிடும்போது பலரும் பைப் நீளத்தை மூன்றால் பெருக்கி விடுகிறார்கள். ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று வயர்தானே என்ற எண்ணம். டிபியிலிருந்து பெட்டிக்கு வரும் வழிக்கு அது சரி. அதைத் தாண்டினால் சரியில்லை. ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் விசிறிக்கும் ஸ்விட்ச் வழியாக வரும் தனி ஃபேஸ் வயர் ஒன்று போயாக வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் மட்டுமே ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தொடுத்துக்கொண்டு போகலாம். எனவே பைப்பின் நீளத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வயரும் எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்று பயணத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் இணைப்புக் கொடுக்க ஓர் அடி வீதம் விட வேண்டும். டிபி பெட்டிக்குள் இரண்டு அடி.

விளக்கு, விசிறி, சாதாரணப் பிளக் எல்லாவற்றுக்கும் 1.5 சதுர மி.மீ. வயரே போட்டோம். விளக்குக்கு 1 சதுர மி.மீ. போதும் என்று சொல்பவர்கள் உண்டு. வேலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் காய்கிற தளத்துக்குள்தான் வயர் கிடக்கிறது. சூட்டில் வயர் தாங்கும் மின்னோட்டம் குறைகிறது. அந்த மெல்லிய வயரில் மிச்சமாகும் பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஃபேஸ் வயர்களை எண்ணுவோம். எல்லாவற்றுக்கும் சிவப்பு. டிபியிலிருந்து பெட்டிக்கு 22 அடி, முனைகளுக்கு மூன்று, ஆக 25 அடி. விசிறி ஸ்விட்சிலிருந்து விசிறிக்கு 12, முனைகளுக்கு இரண்டு, ஆக 14. டியூப்லைட் ஸ்விட்சிலிருந்து புறப்படும் வயர் ஃபேன் பாக்ஸ் வழியாக ஜன்னல் பக்கம் போகிறது. 12, எட்டரை, முனைகள் இரண்டு, ஆக இருபத்திரண்டரை. கட்டிலோரப் பெட்டிக்குப் பிளக் இருப்பதால் ஸ்விட்ச் வழியாகப் போகாத நேரடி ஃபேஸ் ஒன்று வேண்டும். 12, 14, இரண்டு, ஆக 28. கட்டிலோரப் பெட்டியிலிருந்து மேலேயுள்ள இரவு விளக்குக்கு ஏறும் வயர் ஆறரை. கூட்டினால் சிவப்பு 96 அடி.

நியூட்ரலுக்குக் கறுப்பு: டிபியிலிருந்து 25, விசிறி வரை 14, அங்கிருந்து டியூப்லைட்டுக்குப் பத்தரை, கட்டிலோரத்துக்கு வழியில் இரவு விளக்கில் ஒரு தொடுப்புடன் 18. மொத்தம் அறுபத்தேழரை. எர்த்துக்குப் பச்சையும் அதே அளவு. ஏசி நீங்கலாக ஐம்பத்தாறரை அடி பைப்புக்கு 231 அடி வயர். மூன்றால் பெருக்கியிருந்தால் 170 அடிக்குள் நின்றிருப்போம். அறுபது அடி துண்டு விழுந்திருக்கும்.

துண்டு விழுந்தால் பாதிப் பைப்புக்குள் முறுக்கி ஒட்டுப் போட்டுவிடுவார்கள் என்பதுதான் எனக்குள்ள பயம். பைப்புக்குள் ஒட்டு இருக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டு தளர்ந்து சூடேறினால், விளக்கு விட்டுவிட்டு எரிவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு அடையாளம் கிடைக்காது. வயர் இழுத்த பிறகு ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மறுமுனை சேர்ந்து நகர வேண்டும். நடுவில் எங்கேயாவது தடித்துச் சிக்கினால் அங்கே ஒட்டு இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

கணக்கு இவ்வளவில் முடிந்திருக்கும். என் தங்கை வந்து, "அண்ணா, படுத்த பிறகு எழுந்து கதவருகே வந்து லைட்டை அணைக்க வேண்டுமா? கட்டிலிலிருந்தே அணைக்கிற மாதிரி செய்யக் கூடாதா?" என்றாள். கதவருகேயும் கட்டிலோரமும் இரண்டு இடத்திலும் ஒரே டியூப்லைட்டுக்கு ஸ்விட்ச். அதற்கு இருவழி ஸ்விட்ச் என்று பெயர். கேட்பதற்கு ஒரு ஸ்விட்ச் கூடுதல் என்றுதான் தோன்றும். உள்ளே நடப்பது வேறு.

இரண்டு ஸ்விட்சுகளுக்கும் இடையே இரண்டு வயர்கள் ஓட வேண்டும். கதவருகேயிருந்து கட்டிலோரம் வரை ஒவ்வொன்றும் 28 அடி, இரண்டும் 56. டியூப்லைட்டுக்குப் போகும் வயர் இப்போது கதவருகேயிருந்து புறப்படாது. கட்டிலோர ஸ்விட்சிலிருந்து திரும்பி ஏறி, ஃபேன் பாக்ஸ் வழியாக ஜன்னலுக்குப் போக வேண்டும். அது இருபத்திரண்டரைக்குப் பதில் இருபத்துநாலரை அடி ஆகிறது. ஆக, அந்த ஒரு வசதிக்குச் சிவப்பு வயர் 58 அடி கூடி 154 ஆயிற்று. கறுப்பும் பச்சையும் மாறவில்லை.

வயர் கூடியதைவிடப் பெரிய மாற்றம் பைப்பில். முன்பு முக்கியப் பெட்டிக்கும் ஃபேன் பாக்ஸுக்கும் இடையே ஐந்து வயர், இப்போது ஆறு. கட்டிலோர இறக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஏழு. 20 மி.மீ. பைப்பில் 1.5 சதுர மி.மீ. வயர் ஐந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். குறுக்குவெட்டைக் கணக்கிட்டால் இன்னும் இடம் இருப்பது போலத் தெரியும். ஆனால் வளைவில் வயர்கள் ஒன்றோடொன்று உரசும், இழுக்கும்போது மேல்தோல் கிழியும், பக்கத்தில் பக்கமாக நெருங்கிக் கிடப்பதால் சூடும் ஏறும். ஆகவே அந்த இரண்டு வழிகளும் 25 மி.மீ. ஆயின. தடித்த வயர் போகும் ஏசி வழியையும் 25-இல் சேர்த்தோம். 25 மி.மீ. நாற்பத்தேழரை அடி, சேதாரத்துடன் ஆறு பைப். 20 மி.மீ. முப்பதரை அடி, நான்கு பைப். மொத்தம் பத்து.

தங்கை இதைக் காங்கிரீட் போடுவதற்கு முன்பு கேட்டதால் பைப்பை மாற்ற முடிந்தது. காங்கிரீட் போட்ட பிறகு கேட்டிருந்தால், தளத்துக்குள் இருக்கும் 20 மி.மீ. பைப்பில் ஏழு வயரைத் திணிப்பதா, சுவரின் மேலேயே வயருக்குச் சட்டம் அடிப்பதா என்ற இரண்டுதான் வழி. வீட்டில் இருப்பவர்களை வெறும் அறையில் நிற்க வைத்து, 'கட்டில் இங்கே, கதவு இங்கே, எந்த விளக்கை எங்கிருந்து அணைப்பீர்கள்' என்று கேட்டுவிடுவது கணக்கின் ஒரு பகுதியே.

வயர் வாங்கும்போது நினைவில் வைக்க ஒன்று. முழுச் சுருள் 90 மீட்டர், அதாவது 295 அடி. பெட்டிக்குள் ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் தொடுக்கும் சிறு துண்டுகளையும் சேதாரத்தையும் சேர்த்தால் சிவப்பு 170 அடி, கறுப்பும் பச்சையும் 75 அடி வீதம். ஓர் அறைக்கு என்று சுருள் வாங்கினால் மிஞ்சும். எல்லா அறைகளையும் நிறவாரியாகக் கூட்டிய பிறகே சுருள் கணக்குக்குப் போக வேண்டும்.

ஏசிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. டிபியிலிருந்து நேராக, வேறெதையும் தொடாமல் போக வேண்டும். 4 சதுர மி.மீ. வயர் மூன்று; ஒவ்வொன்றும் இருபத்தொன்றரை அடியுடன் முனைகளுக்கு மூன்று சேர்த்து இருபத்துநாலரை. சேதாரத்துடன் 27 அடி வீதம் வாங்கினோம்.

இனி பெட்டி. மாடுலர் ஸ்விட்சுகள் மாடுல் என்ற அளவால் எண்ணப்படுகின்றன. ஸ்விட்ச் ஒன்றுக்கு ஒரு மாடுல். 6 ஆம்பியர் பிளக்குக்கு இரண்டு. விசிறி ரெகுலேட்டருக்குப் பெரும்பாலும் இரண்டு. சில வகைகளில் ஒன்று. முக்கியப் பெட்டியில் விசிறி ஸ்விட்ச் 1, ரெகுலேட்டர் 2, டியூப்லைட் ஸ்விட்ச் 1, பிளக்கின் ஸ்விட்ச் 1, பிளக் 2. கூட்டினால் 7. ஏழு மாடுல் பெட்டி கடையில் கேட்டால் கிடைக்காது. வழக்கமாகக் கிடைப்பவை 3, 4, 6, 8, 12 என்று போகும். எனவே எட்டு. மிஞ்சும் ஒன்றை மூடியால் மூடிவிடலாம், அல்லது மின்சாரம் இருப்பதைக் காட்டும் சிறு விளக்கைப் போடலாம். எட்டு மாடுல் பெட்டி நீளமாக ஒரே வரிசையிலும் வரும், நான்கு நான்காக இரண்டு வரிசையில் சதுரமாகவும் வரும். கதவு நிலைக்கும் பெட்டிக்கும் நடுவே இடம் குறைவாக இருந்ததால் நாங்கள் சதுரத்தை எடுத்தோம்.

கட்டிலோரப் பெட்டியில் இரவு விளக்கு ஸ்விட்ச் 1, பிளக்கின் ஸ்விட்ச் 1, பிளக் 2. நான்கு மாடுல் பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது. இருவழி ஸ்விட்ச் சேர்ந்ததும் ஐந்து ஆயிற்று. ஐந்துக்குப் பெட்டி இல்லை. ஆறு மாடுலுக்குப் போனோம். சுவரில் பதித்துப் பூசிய பிறகு இந்த மாற்றம் வந்திருந்தால் பூச்சை உடைத்திருக்க வேண்டும். நிரம்பி வழியாமல் ஒரு மாடுலாவது காலியாக இருக்கும் பெட்டியையே தேர்ந்தெடுங்கள். விளக்குகளுக்கு இரண்டு சிறு பெட்டிகள், ஏசிக்கு ஒன்று, தளத்தில் ஃபேன் பாக்ஸ் ஒன்று. இத்துடன் பெட்டிகள் முடிந்தன.

பெட்டி பதிக்கும்போது செங்கல் மட்டத்தைப் பார்க்கக் கூடாது, பூச்சு வந்து நிற்கப்போகும் மட்டத்தைப் பார்க்க வேண்டும். செங்கல்லோடு சமமாக வைத்தால் பூச்சுக்குப் பின் பெட்டி உள்ளே போய்விடும்; மூடித் தட்டின் திருகு எட்டாது.

பைப் வாங்குவதும் இரண்டு தவணையாக வரும். காங்கிரீட் நாளுக்கு வேண்டியது தளத்துப் பைப்பும், ஒவ்வோர் இறக்கத்திலும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அரை அடியும். இந்த அறையில் ஏற்ற இறக்கம் ஏழு இடத்தில். அந்த ஏழு வளைவுகளுக்கும் ஆயத்தமாக வளைத்தே கிடைக்கும் 'பெண்ட்' துண்டுகளைப் போட்டோம். தீயில் காட்டி வளைத்தால் பைப் உள்ளே ஒடுங்கிவிடுகிறது, வயர் அங்கேதான் சிக்கும். சுவருக்கு வேண்டியதை, சுவரில் பைப் புதைக்கக் காடி வெட்டும் நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சுவருக்கு மேல் உத்தரம் வரும் இடத்தில் அப்படித் தள்ளிப் போட முடியாது. காங்கிரீட் உத்தரத்தில் பின்னால் காடி வெட்டினால் உள்ளிருக்கும் கம்பி வெளிப்படும், உத்தரத்தின் பலம் குறையும். உத்தரத்தின் முழு ஆழத்துக்கும் பைப் முன்கூட்டியே உள்ளே நிற்க வேண்டும். அப்போது நீட்டலுக்கு அரை அடி போதாது, உத்தரத்தின் ஆழத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பைப்பின் திறந்த முனைகள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டே காங்கிரீட் ஊற்ற விட வேண்டும். ஒரு முனை திறந்திருந்தாலும் சிமெண்டுப் பால் உள்ளே புகுந்து உறைந்துவிடும். சென்ட்ரிங் பிரித்தவுடன் ஒவ்வொரு வழியிலும் இழுப்புக் கம்பியை விட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே அடைப்பு. கம்பியில் எத்தனை அடி உள்ளே போயிற்று என்று அளந்து, உங்கள் தாளில் அதே அளவை வைத்தால் அடைப்பு இருக்கும் இடம் தெரிந்துவிடும்; பூச்சு வேலைக்கு முன் அந்த ஓரிடத்தை மட்டும் திறந்தால் போதும்.

அதற்காகவே காங்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை, பைப்புகளின் மேல் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்து வைத்தோம். சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்த பிறகு, பூசுவதற்கு முன் நான்கு சுவர்களையும் அதே போல் எடுத்தோம். குடிபோன மூன்றாம் மாதம் மாப்பிள்ளை ஜன்னலுக்கு மேல் திரைச்சீலைக் கம்பி மாட்டத் துளையிட இருந்தார். படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, டியூப்லைட் இறக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் துளை போட்டார்.